நடக்காத வர்த்தகத்தின் 230 நிமிடங்கள்

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் அல்கோ டிரேடிங் வகுப்பு நடக்கிறது. சில்லறை முதலீட்டாளர்களின் அல்கோ வர்த்தகம் பற்றி செபி 2025 பிப்ரவரியில் சுற்றறிக்கை வெளியிட்ட பிறகு, எங்கள் பக்கம் இத்தகைய வகுப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. நண்பர் ஒருவர் அழைத்ததால் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். பாடம் எடுத்த தம்பி திறமைசாலி. பேக்டெஸ்டில் பார்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதைப் பற்றிப் பேசும்போது, "காலண்டர் லைப்ரரியைப் போட்டு, எல்லா நாளையும் 375 நிமிஷ கிரிட்ல உட்கார வெச்சு, ffill பண்ணிட்டா டேட்டா க்ளீன் சார்" என்றார். யாரும் கேள்வி கேட்கவில்லை. இந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகளாகப் பல வாய்களில் கேட்டுவிட்டேன். இது தவறு என்று ஒருமுறையாவது விரிவாக எழுதிவிட வேண்டும்.

அந்த வாக்கியத்தின் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. காலண்டர் லைப்ரரி வேண்டும். அதே வகுப்பில் ஒரு மாணவர் தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலை வைத்து நாட்களை நீக்கியிருந்தார். நமக்கு 2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழன். பங்குச்சந்தை அன்று முழுநாளும் நடந்தது, அதுவும் மாத எக்ஸ்பயரி நாளாக. மும்பைக் கணக்கில் லட்சுமி பூஜை மறுநாள் என்பதால் நவம்பர் 1 வெள்ளி விடுமுறை. அன்று மாலை 6 முதல் 7 வரை மட்டும் முகூர்த்த வர்த்தகம். நம் காலண்டரை நம்பினால் மாதத்தின் முக்கியமான நாளே பேக்டெஸ்டில் இருந்து காணாமல் போகும். பொங்கலும் இப்படித்தான்: 2024 ஜனவரி 15 அன்று இங்கே வீட்டுக்கு வீடு கரும்பு, அங்கே வழக்கமான வர்த்தகம்.

அமெரிக்கத் தரவைச் சேர்ப்பவர்களுக்கு லைப்ரரி இன்னும் அவசியம். நியூயார்க் சந்தை முடிவது நம் நேரப்படி கோடையில் நள்ளிரவு 1:30, குளிர்காலத்தில் 2:30. நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள் அவர்கள் மதியம் 1 மணிக்கே மூடிவிடுவதால், 2024 நவம்பர் 29 அன்று நமக்கு இரவு 11:30-க்கே முடிந்துவிட்டது. இதையெல்லாம் கையால் எழுதினால் எங்காவது தவறும். தேதியை மட்டும் பார்த்து இரு நாட்டு டெய்லி பார்களை இணைப்பவர், நம் சந்தை நடக்கும் நேரத்தில் இன்னும் பிறக்காத விலையை வைத்து வாங்கி விற்கிறார். லைப்ரரி தரும் முடிவு நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி, அதற்குப் பிறகு திறக்கும் நம் அமர்வோடு இணைத்தால் இந்தப் பிழை தீரும்.

பிரச்சினை இரண்டாம் பாதியில் இருக்கிறது. காலண்டர் என்ன சொல்கிறதோ அந்த அளவுக்குத் தரவை வெட்டுவதும், குறைந்தால் நிரப்புவதும். இதைச் செய்யும் வரிகள் இவ்வளவுதான்:

```python
grid = pd.date_range("2021-02-24 09:15",
                     "2021-02-24 15:29", freq="1min")
df = df.reindex(grid).ffill()
```

2021 பிப்ரவரி 24-ஐ வேண்டுமென்றேதான் எடுத்தேன். அன்று தேசிய பங்குச்சந்தையில் தொழில்நுட்பக் கோளாறு. 11:40-க்கு வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியது மாலை 3:45-க்கு. நேரத்தை நீட்டித்து 5 மணி வரை நடந்தது. அதாவது காலையில் 145 நிமிடம், மாலையில் 75 நிமிடம், மொத்தம் 220 நிமிட வர்த்தகம். மேலே உள்ள வரிகள் அந்த நாளை என்ன செய்கின்றன என்று பாருங்கள். காலை 145 பார்கள் தப்பிக்கின்றன. 11:40 முதல் 3:30 வரை 230 பார்கள் புதிதாக உருவாகின்றன, எல்லாவற்றிலும் ஒரே விலை. மாலையில் உண்மையாக நடந்த 75 பார்களும் கிரிட்டுக்கு வெளியே விழுந்து அழிகின்றன. கடைசியில் எண்ணினால் சரியாக 375. வகுப்பில் சொல்லித்தரும் ஒரே சோதனை எண்ணிப் பார்ப்பதுதான். அதில் இந்த நாள் தேறிவிடுகிறது.

அன்று காலையில் நிஃப்டியை விற்று வைத்திருந்த ஒரு இன்ட்ராடே உத்தி, 3:15-க்கு முடித்துக்கொள்ளும் விதியோடு ஓடுகிறது என்று வையுங்கள். பேக்டெஸ்ட் 3:15 பாரைத் தேடுகிறது. பார் இருக்கிறது, விலையும் இருக்கிறது: 11:40-க்கு உறைந்த சுமார் 14,820. அந்த விலையில் அமைதியாக வெளியேறிவிடுகிறது. உண்மையில் அந்த நேரத்தில் அங்கே யாராலும் எதையும் வாங்கவோ விற்கவோ முடியவில்லை. பல தரகு நிறுவனங்கள் பயந்து, வாடிக்கையாளர்களின் இன்ட்ராடே பங்குகளை அப்போது இயங்கிக்கொண்டிருந்த மும்பை பங்குச்சந்தையில் முடித்தன. அதற்குப் பிறகுதான் நேர நீட்டிப்பு அறிவிப்பு வந்தது. சந்தை மாலையில் ஏறி நிஃப்டி 14,982-ல் முடிந்தது. 5 மணி வரை மாட்டிக்கொண்டவருக்கு ஏறக்குறைய 160 புள்ளி. அப்போது ஒரு லாட் 75 என்பதால் லாட்டுக்குச் சுமார் 12,000 ரூபாய். பேக்டெஸ்டின் லாப நட்டக் கணக்கில் இந்த 12,000 எங்கேயும் வராது. வராததோடு, 230 நிமிடம் விலை அசையவே இல்லை என்று எழுதப்பட்டிருப்பதால், அந்த நாளின் ஏற்ற இறக்க அளவும் பொய்யாகக் குறைந்து, மறுநாள் எவ்வளவு லாட் எடுக்கலாம் என்ற கணக்கைக் கூட்டிவிடும். மிக ஆபத்தான நாளுக்கு மறுநாள் உத்தி கூடுதல் துணிச்சலோடு இறங்குகிறது.

நிரப்பாமல் விட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. வரிசையை எண்ணும் பழக்கம் கூடவே இருக்கிறது. ஐந்து நிமிட பார் என்றால் ஒரு நாளைக்கு 75. ஆகவே `shift(75)` என்றால் நேற்று இதே நேரம் என்று நம் ஆட்கள் மனப்பாடமாக எழுதுகிறார்கள். பிப்ரவரி 24-ல் இருப்பது 44 பார்கள்தான். 25-ஆம் தேதி காலை 9:15 பாரில் நின்று 75 வரிசை பின்னால் போனால், 44-ல் 24-ஆம் தேதி தீர்ந்துவிடும். மிச்சம் 31 வரிசைக்கு 23-ஆம் தேதியின் வாலில் இருந்து ஏற வேண்டும். போய் நிற்கும் இடம் 23-ஆம் தேதி மதியம் 12:55. சந்தை திறக்கும் நேரத்துப் பரபரப்பான வால்யூமைச் சாப்பாட்டு நேரத்து வால்யூமோடு ஒப்பிட்டு, "வால்யூம் வெடித்திருக்கிறது, வாங்கு" என்று உத்தி சொல்லும். 20 நாள் சராசரி எடுப்பவருக்கு இந்தப் பிசகு ஒரு நாளோடு போகாது. பிப்ரவரி 24 அந்தச் சாளரத்துக்குள் இருக்கும் வரை கூடவே வரும். இதைத் தவிர்க்கத்தான் ffill போடுகிறோம் என்பார்கள். பிசகிய எண்ணிக்கையைச் சரிசெய்ய நடக்காத விலைகளை எழுதுவது, கணக்குப் புத்தகத்தில் கூட்டுத்தொகை இடிக்கிறது என்று ஒரு போலி பில் செருகுவதற்குச் சமம். இதை நான் வேறு மென்மையான சொல்லால் சொல்லத் தயாராக இல்லை.

எண்ணாமல் கேட்க வேண்டும். நாள் ஒரு பக்கம், கடிகார நேரம் ஒரு பக்கம்:

```python
df["day"] = df.index.date
df["slot"] = df.index.strftime("%H:%M")
wide = df.pivot(index="day", columns="slot",
                values="volume")
avg20 = wide.shift(1).rolling(20, min_periods=15).mean()
```

இங்கே `shift(1)` என்பது முந்தைய வர்த்தக நாள், அவ்வளவுதான். பிப்ரவரி 24-ன் 12:55 கட்டம் வெறுமையாக இருக்கும். சராசரி அதைத் தாண்டிப் போகும். மாலை 4:10 என்று ஒரு புது நெடுவரிசை முளைக்கும். அதை அழிக்க வேண்டாம். ஒரே நாளில் ஒரே நேரத்துக்கு இரண்டு பார் இருந்தால் `pivot` பிழை சொல்லி நின்றுவிடும். நிற்கட்டும். காலண்டரின் வேலையும் இங்கேதான் தொடங்குகிறது: அது எதிர்பார்க்கும் கட்டங்களையும் உண்மையில் வந்த கட்டங்களையும் ஒப்பிட்டு, வேறுபடும் நாட்களைப் பட்டியலிட்டுத் தர வேண்டும். அந்தப் பட்டியலை மனிதர் ஒருவர் படித்து, தரவு விற்றவர் பார்களைத் தொலைத்தாரா, சந்தையே நின்றதா என்று முடிவு செய்ய வேண்டும். பத்து ஆண்டுத் தரவுக்கும் ஒரு மாலை நேரம் போதும்.

உத்தி வெளியேறும் இடத்திலும் இதே விதி. 3:15 கட்டம் வெறுமையாக இருந்தால், அதற்குப் பிறகு முதலில் வரும் உண்மையான பாரின் திறப்பு விலையில்தான் வெளியேற வேண்டும். அன்றைக்கு அது 3:45 பார். அந்த விலை மோசமாக இருந்தால் மோசமாகவே பதிவாகட்டும்.

ffill போடும் தரப்பு சொல்லும் வலுவான பதில் ஒன்று உண்டு. "பத்து வருஷத்துல இப்படி நாலைஞ்சு நாள் சார், அதுக்காக எல்லாத்தையும் மாத்தணுமா? அந்த நாளையே தூக்கிட்டா போச்சு." நாலைந்து அல்ல. ஆண்டுக்கொரு முகூர்த்தம் இருக்கிறது. 2023-ல் அது நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை மாலை. திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் எண்ணும் கோடு அதைப் பார்ப்பதே இல்லை. 2025-ல் அக்டோபர் 21 அன்று மதியம் 1:45 முதல் 2:45 வரை நடந்ததால், மாலை நேரத்தைக் கோடில் பொறித்து வைத்தவர்களும் தவறினார்கள். 2020 பிப்ரவரி 1, 2025 பிப்ரவரி 1 இரண்டும் பட்ஜெட்டுக்காகத் திறந்த சனிக்கிழமைகள். 2024 ஜனவரி 20 சனிக்கிழமை முழுநாள் வர்த்தகம், 22 திங்கள் விடுமுறை. இது முடிவானது கடைசி நேரத்தில். 2020 மார்ச் 13, 23 இரண்டு நாளும் கீழ்ச் சர்க்யூட் தட்டி 45 நிமிடம் நின்ற நாட்கள். தூக்கிவிடலாம் என்று சொல்லும் நாட்களை இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால், கடனில் விற்றவர் கணக்கு காலியாவதற்கு வாய்ப்பு மிகுந்த நாட்களில் சிலவும் அதில் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு வரையும் லாபக் கோடு அழகாகத்தான் இருக்கும்.

2024 மார்ச் 2 சனிக்கிழமையை அந்தத் தம்பிக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மாற்றுத் தளத்தில் இருந்து சந்தையை நடத்திப் பார்க்கும் ஒத்திகை. காலை 9:15 முதல் 10 வரை மும்பையின் முதன்மைத் தளம். பிறகு 11:30 முதல் 12:30 வரை மாற்றுத் தளம். அந்த மாற்றுத் தளம் இருப்பது நம் சென்னையில். ஒரே தேதியில் இரண்டு அமர்வு, மொத்தம் 105 நிமிடம், ஐந்து நிமிட பார் 21. அவருடைய கோடு அந்த நாளுக்கு 375 வரிசை காட்டியது. அதில் 270 வரிசைகள் எங்கிருந்து வந்தன என்று அடுத்த ஞாயிறு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.