'எல்லாரும் எடுக்கவில்லை': ஒரு தர்க்கக் கையேட்டில் சிக்கிய உம்மை



இலங்கையில் உயர்தர வகுப்பில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடத்தைத் தமிழிலேயே படிக்கிறார்கள். அந்த மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய ஒரு விரிவுரைக் கையேடு அண்மையில் என் கைக்கு வந்தது. நியாயத்தொடை, அதன் நான்கு உருக்கள், எதிர்ப்புச் சதுரம் ஆகிய மூன்றும்தான் அதன் பொருள். வாதக் கட்டுரை கற்பிக்க உதவுமே என்று ஐந்தாம் படிவ வகுப்பில் சில பயிற்சிகளைக் கொடுத்துப் பார்த்தேன். அங்கே ஒரு சிக்கல் வந்தது. இந்தத் திறனாய்வு அதைப் பற்றியதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உருக்களைக் கையேடு தெளிவாக விளக்குகிறது. இரண்டு எடுகூற்றுகளிலும் வந்து, முடிவில் காணாமல் போகும் சொல்தான் நடுப்பதம். அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே உரு அமைகிறது. முதல் உருவில், முதல் கூற்றில் எழுவாயாகவும் இரண்டாவதில் பயனிலையாகவும் நிற்கும். இரண்டாம் உருவில் இரண்டிலும் பயனிலை. மூன்றாவதில் இரண்டிலும் எழுவாய். நான்காவது, முதல் உருவின் தலைகீழ். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, படம் போட்டாலே புரிந்துவிடும்.

சிக்கல் வாக்கிய வடிவத்தில் இருக்கிறது. மரபுத் தர்க்கத்தில் கூற்றுகள் நான்கு வகை. 'எல்லாரும் ஆம்' என்பது ஏ. 'ஒருவரும் இல்லை' என்பது ஈ. 'சிலர் ஆம்' என்பது ஐ. 'சிலர் இல்லை' என்பது ஓ. இதில் ஈ வகைக்கு இந்தக் கையேடு கொடுக்கும் தமிழ் வடிவம் 'எல்லா … உம் … அல்ல' என்பது.

இப்போது நம்ம ஊர் உதாரணம் ஒன்றைப் பாருங்கள். கையேட்டின் பயிற்சி ஒன்றை அதே அமைப்பில் தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு மாற்றிக் கொடுத்தேன்.

1. மலைப்படி ஏறிய எல்லாரும் காவடி எடுக்கவில்லை.
2. எங்கள் வகுப்பு மாணவர் எல்லாரும் மலைப்படி ஏறினார்கள்.
3. ஆகவே, எங்கள் வகுப்பு மாணவர் ஒருவரும் காவடி எடுக்கவில்லை.

இது செல்லுமா? கையேட்டின் விடைப்படி செல்லும். என் வகுப்பில் பாதிப்பேர் செல்லும் என்றார்கள், மீதிப்பேர் செல்லாது என்றார்கள். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எல்லாரும் எடுக்கலன்னா, கொஞ்சப் பேரு எடுத்தாங்கன்னுதானே அர்த்தம்?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னதுதான் தமிழ்.

இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வாக்கியத்தை 'ஏறியவரில் ஒருவரும் எடுக்கவில்லை' என்று ஈ ஆக எடுத்தால், வாதம் முதல் உருவில் செல்லும். அதில் ஐயமில்லை. 'ஏறியவர் அத்தனைப் பேரும் எடுத்துவிடவில்லை' என்று ஓ ஆக எடுத்தால்? 1,000 பேர் ஏறினார்கள், அவர்களில் 100 பேர் காவடி எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு மாணவர் 30 பேரும் ஏறியவர்கள். அந்த 30 பேரும் 100 பேருக்குள்ளேயே இருக்கலாம். இரண்டு எடுகூற்றுகளும் மெய், முடிவு பொய். அப்படியானால் வாதம் செல்லாது. தர்க்க மொழியில் சொன்னால், 'ஏறியவர்' என்ற நடுப்பதம் எந்தக் கூற்றிலும் தன் முழுத் தொகுதியையும் குறிக்கவில்லை. கையேடே வேறு பக்கத்தில் கண்டிக்கும் பிழைதான் இது.

எதிர்ப்புச் சதுரத்திலும் இதே கதைதான். சதுரத்தின் மேல் மூலைகளான ஏ, ஈ இரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாக முடியாது, ஆனால் இரண்டுமே பொய்யாகலாம். குறுக்குக் கோட்டில் இருக்கும் ஏ, ஓ அப்படியல்ல. ஒன்று மெய்யானால் மற்றது பொய், ஒன்று பொய்யானால் மற்றது மெய். கையேட்டில் ஒரு வினா: 'ஏ பொய்யானால் ஈ என்ன?' சரியான விடை, 'தீர்மானிக்க முடியாது'. ஆனால் மாணவர் முன்னால் இருக்கும் வாக்கியங்கள் இவை: 'எல்லாரும் எடுத்தார்கள்', 'எல்லாரும் எடுக்கவில்லை'. முதலாவது பொய் என்றால் இரண்டாவது மெய் என்றுதான் தமிழ் பேசும் எந்தப் பிள்ளையும் எழுதும். அதற்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளைக்குத் தர்க்கம் தெரியாமல் இல்லை. ஈ மூலையில் ஓ வாக்கியத்தை எழுதி வைத்ததுதான் தவறு.

'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்ற பழமொழியை நினைத்துப் பாருங்கள். மின்னுவதில் எதுவுமே பொன் இல்லை என்றா புரிந்துகொள்கிறோம்? இதை நம் இலக்கணிகள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்று நன்னூலில் பவணந்தியார் சொல்கிறார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திலும் இக்கருத்து உண்டு. 'பத்தையும் கொடுக்காதே' என்றால் சிலவற்றைக் கொடுக்கலாம் என்று பொருள்படுவது இதனால்தான். எதிர்மறைப் பயனிலையோடு சேரும்போது 'எல்லாரும்' என்பதிலுள்ள உம்மை இப்படி இரண்டு பக்கமும் சாயும். பேச்சில் குரலை அழுத்தி வேறுபடுத்திவிடுவோம். தாளில் அந்த அழுத்தம் இல்லையே!

இந்த ஈரடி வாக்கியம் எல்லா உருவிலும் கெடுதல் செய்வதில்லை என்பதையும் கையேடு காட்டியிருக்கலாம். முதல் கூற்றை அப்படியே வைத்து, இரண்டாவதை 'மலைப்படி ஏறிய எல்லாரும் விரதம் இருந்தவர்கள்' என்று மாற்றுங்கள். இப்போது நடுப்பதம் இரண்டிலும் எழுவாய். அதாவது மூன்றாம் உரு. முடிவு: 'விரதம் இருந்தவரில் சிலர் காவடி எடுக்கவில்லை.' ஈ என்று படித்தாலும் செல்லும், ஓ என்று படித்தாலும் செல்லும். மேலே சொன்ன 1,000 பேரில் காவடி எடுக்காத 900 பேரும் விரதம் இருந்தவர்கள்தானே. இரண்டாம் கூற்று ஏறியவர் எல்லாரையும் தழுவிக்கொள்வதால் ஓட்டை அடைபடுகிறது. உரு என்பது ஏன் முக்கியம் என்று காட்ட இதைவிட நல்ல சோடி கிடைக்காது.

திருத்தம் எளிது. ஈ வகைக்கு 'எவரும் இல்லை', 'ஒருவரும் இல்லை', 'எதுவும் அன்று' என்ற வடிவங்களை மட்டும் பயன்படுத்த வேண்டும். இவற்றில் இரண்டாம் பொருளுக்கு இடமில்லை. 'எல்லாரும் இல்லை' என்பது வினாத்தாளில் வந்தால் அது ஓ என்று கொள்ள வேண்டும், அல்லது அந்த வாக்கியத்தையே நீக்க வேண்டும். அரிஸ்டாட்டிலும் அந்த மூலைக்கு 'ஒவ்வொருவரும் என்பதில்லை' என்ற வடிவத்தை எழுதியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. 'சிலர் எடுக்கவில்லை' என்று மாற்றினாலும் தமிழ்க் காதுக்கு 'மற்றவர் எடுத்தார்கள்' என்று கேட்கும். தர்க்கத்தில் அப்படி இல்லை. ஒருவருமே எடுக்காதபோதும் ஓ மெய்தான். 'சிலர்' என்றால் 'குறைந்தது ஒருவர்' என்று சதுரத்தின் அடியிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

இந்தக் கையேட்டை வகுப்பில் பயன்படுத்தலாம், நானும் பயன்படுத்துவேன். ஆனால் நகல் எடுக்கும் முன் ஈ வாக்கியங்களைப் பேனாவால் திருத்திவிடுங்கள். மாணவர்களே, தேர்வில் 'எல்லாரும் … இல்லை' என்ற வாக்கியம் வந்தால், எந்தப் பொருளில் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு விடையைத் தொடங்குங்கள்.