சிவப்பு விளக்கை நம்ப வேண்டாம்

மதுரை பைபாஸ் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டுப் படுக்கையறையில் ஆனி மாதத்திலிருந்து ஓர் ஏர் ப்யூரிஃபையர் இரவும் பகலும் ஓடுகிறது. பேரையூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவுக்கு இரவில் இளைப்பு, அதற்காகத்தான் வாங்கினேன்.

அளவைப் பொறுத்தவரை கணக்குச் சுலபம். அறை 12க்கு 12 அடி, உயரம் 10 அடி. உள்ளே இருக்கும் காற்று சுமார் 41 கன மீட்டர். அதை மணிக்கு ஐந்து முறை சுத்தம் செய்ய, 'சிஏடிஆர்' 205 ஆவது வேண்டும். அட்டையில் போடும் எண் விசிறி முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. தூக்கத்துக்காக வேகத்தைக் குறைத்தால் பலனும் குறையும். அதனால் 300 உள்ளதை எடுத்தேன்.

ஃபில்டரில் 'ஹெப்பா டைப்' என்றிருந்தால் தொடவே வேண்டாம். ஹெச்13 என்று தெளிவாக இருக்க வேண்டும். அது நுண்துகளில் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும். வாசனைக்கும் வாயுவுக்கும் கரி அடுக்கு தனி.

ஆடியில் பத்து நாள் கருவியைப் பேரையூருக்குக் கொண்டுபோனோம். காற்றில் வந்த கரிசல் புழுதி ஒரே வாரத்தில் வெளி வலையை அடைத்துவிட்டது. காற்று வரத்து பாதியானது கைக்கே தெரிந்தது. வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டியதும் சரியானது. மதுரையில் வலை அவ்வளவு அழுக்காவதில்லை. வண்டிப் புகை அதைத் தாண்டி உள்ளே போய் ஹெப்பா தாளைச் சாம்பல் நிறமாக்குகிறது. அந்தத் தாளைக் கழுவக் கூடாது, நனைந்தால் கெட்டுவிடும்.

என் கோபமெல்லாம் 'ஃபில்டரை மாற்று' என்னும் சிவப்பு விளக்கின் மீதுதான். அது அழுக்கை அளப்பதில்லை, ஓடிய நேரத்தை மட்டும் எண்ணுகிறது. பேரையூரில் வலை அடைத்தபோது எரியவில்லை. 3,000 மணி நேரம் ஆனதும், அதாவது 125வது நாள், எரிந்துவிட்டது. ஃபில்டர் விலை 2,200 ரூபாய். விளக்கு சொல்வதைக் கேட்டால் ஆண்டுக்கு மூன்று, 6,600 ரூபாய். கருவியே 9,000 தான்! இரவு எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டினால் ஆண்டுக்கு ஒன்று போதும்.

விளக்கை விட்டுவிட்டு நானே சோதித்தேன். வாங்கிய வாரத்தில் கதவைச் சாத்தி முழு வேகத்தில் ஓட்டியபோது, தனி மீட்டரில் பிஎம் 2.5 அளவு 90இலிருந்து 25க்கு இறங்க அரை மணி நேரம் ஆனது. விளக்கு எரிந்த பிறகும் அதே அரை மணிதான். இதற்கு இருமடங்கு நேரம் பிடிக்கும் நாளில் மாற்றுவேன். கரி மட்டும் முன்பே தளர்ந்துவிட்டது. தாளிப்பு வாசனை இப்போது அறையில் தங்குகிறது.

வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் ஃபில்டர் விலையைக் கேளுங்கள். மூன்று ஆண்டில் மாற்ற வேண்டிய ஃபில்டர்களின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கி, கருவி விலையோடு கூட்டிப் பாருங்கள். நான் அதைக் கேட்காமல் வாங்கினேன்.