லூப் போட்டாயிற்று, ஆங்கர் எங்கே?

வெந்நீர்க் குழாய் நீளமாகப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த பிளம்பிங் ஒப்பந்தக்காரரைக் கேட்டாலும் பதில் உடனே வரும்: "நூறு அடிக்கு ஒரு லூப் போட்டுடுங்க சார்." வரைபடத்திலும் அப்படியே இருக்கும். நேராகப் போகும் கோடு ஓரிடத்தில் 'ப' வடிவில் வளைந்து மீண்டும் நேராகும். இந்த வழக்கத்தைத் தவறு என்று தள்ள முடியாது. ஆனால் பாதி வேலையைச் செய்துவிட்டு முழு வேலையும் முடிந்ததாக நினைக்க வைப்பது இதன் குணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாணவர் விடுதி ஒன்றின் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர். அதிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்கும் குளியலறை வரிசைக்கு இரண்டு அங்குலக் குழாய் போகிறது. பொருத்தும்போது வெப்பநிலை 30 டிகிரி, வெந்நீர் ஓடும்போது 60 டிகிரி. ஜிஐ குழாயாக இருந்தால் அது ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீளும். சிபிவிசி குழாயாக இருந்தால் 55 மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிபிவிசி ஐந்து மடங்கு நீள்கிறதே, அப்படியானால் ஐந்து மடங்கு ஆபத்து அதில்தானே என்று தோன்றும். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறானது.

நீள விடாமல் இரு முனைகளையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் அந்தக் குழாய்கள் எவ்வளவு பலத்தோடு தள்ளும் என்று பாருங்கள். ஜிஐ குழாய் நாலரை டன்னுக்கும் மேல் தள்ளப் பார்க்கும். சிபிவிசி முந்நூறு கிலோவைக்கூடத் தொடாது. இரும்பு கொஞ்சம்தான் நகர்கிறது, ஆனால் அதை நிறுத்த சுவரால் முடியாது. பிளாஸ்டிக் நிறைய நகர்கிறது, ஆனால் மடங்கிக்கொடுத்துவிடுகிறது. கிளாம்ப் பிடுங்கிக்கொண்டு வருவதும், பம்பின் ஃபிளாஞ்ச் கசிவதும் இரும்பில். கிளாம்புகளுக்கு நடுவே குழாய் பாம்பு மாதிரி நெளிவதும், கிளைக்குழாய் பிரியும் டீ விரிசல் விடுவதும் சிபிவிசியில். இரண்டுக்கும் "நூறு அடிக்கு ஒன்று" என்ற ஒரே மருந்தை எழுதித்தருவது எப்படிச் சரியாகும்?

இந்த வாய்ப்பாட்டில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அது வெப்பநிலையைக் கேட்பதே இல்லை. வரைபடத்தில் 60 டிகிரி என்று எழுதியிருந்தாலும் மே மாத விடுமுறையில் தொட்டியை யாரும் தொடாமல் நாலு நாள் வெயில் அடித்தால் தண்ணீர் 80 டிகிரிக்கு ஏறிவிடும். விடுமுறை முடிந்து முதல் ஆள் குழாயைத் திறக்கும்போது அந்த நீர் முழு நீளத்துக்கும் ஓடும். அப்போது அதே சிபிவிசி 90 மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. சூட்டில் அந்தப் பிளாஸ்டிக்கின் தாங்குதிறனும் 60 டிகிரியில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஆகவே 60 டிகிரிக்கு இரு கால்களும் மேற்குறுக்கும் சேர்ந்து மொத்தம் 1.2 மீட்டர் குழாயில் முடிந்துவிடும் லூப், 80 டிகிரிக்கு 2 மீட்டர் கேட்கிறது. வெப்பநிலை 20 டிகிரி ஏறியதற்கு லூப் மூன்றில் இரண்டு பங்கு பெரிதாக வேண்டியிருக்கிறது. குழாய் நிறுவனங்கள் தரும் அட்டவணையில் சரியான வரிசையைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். பார்க்கத்தான் ஆளில்லை.

இனி லூப்பின் பலம். அது வெறும் குழாயும் நான்கு எல்போவும்தான். தேய்வதற்கோ பழுதாவதற்கோ அதில் தனி உறுப்பு எதுவும் கிடையாது. பராமரிப்பு வேண்டாம். குழாய் நீளும்போது இரு கால்களும் உள்நோக்கி வளைந்து அந்த நீட்சியை வாங்கிக்கொள்கின்றன, குளிரும்போது பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு எளிதாக வளையும். விறைப்பான இரும்புக்கு நீளமான கால் தேவை. மேலே சொன்ன ஜிஐ குழாயின் 11 மில்லிமீட்டரை வாங்க ஒவ்வொரு காலும் ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 55 மில்லிமீட்டர் நீளும் சிபிவிசிக்கு 60 டிகிரியில் அரை மீட்டர்க் கால் போதும். குறைவாக நீளும் குழாய்க்குப் பெரிய லூப் என்பதைத் தளத்தில் யாரும் லேசில் நம்பமாட்டார்கள்.

ஆனால் லூப் தானாக வேலை செய்யாது. குழாய் தன்னை நோக்கித் தள்ளினால்தான் அது வளையும். அப்படித் தள்ள வேண்டுமானால் நேர் ஓட்டத்தின் இரு கோடிகளிலும் குழாய் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். அதுதான் ஆங்கர். நடுவில் உள்ள பிடிகள் குழாயின் எடையைத் தாங்கி, பக்கவாட்டில் விலகாமல் பார்த்துக்கொண்டு, நீளவாக்கில் மட்டும் வழுக்கிப்போக விட வேண்டும். அவை கைடு. தளத்தில் நடப்பதோ வேறு. ஒரே வகை யூ-கிளாம்ப் பெட்டியோடு வருகிறது. எல்லா இடத்திலும் ஸ்பேனர் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு கிளாம்பும் ஒரு குட்டி ஆங்கர் ஆகிவிடுகிறது. நீட்சி லூப்பை எட்டுவதே இல்லை, கிளாம்புக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே நெளிவாக முடிந்துபோகிறது. லூப் இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை. இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். எதையுமே இறுக்காமல் விட்டு, மொத்தக் குழாயும் ஹீட்டர் பக்கமாக நகர்ந்து அதன் முனையைத் தள்ளும்.

எது நடக்கிறது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லை. காலையில் குழாய் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு கிளாம்பின் விளிம்பிலும் மார்க்கரால் குழாய்மேல் ஒரு கோடு போடுங்கள். வெந்நீரைக் கால்மணி நேரம் ஓடவிட்டுத் திரும்பிப் பாருங்கள். ஆங்கர் இருக்கும் கோடியில் கோடு அசையக்கூடாது. அங்கிருந்து லூப்பை நெருங்க நெருங்க கோடு கிளாம்பைவிட்டுக் கூடுதலாக விலகியிருக்க வேண்டும். மேலே சொன்ன சிபிவிசியில் லூப் நட்டநடுவில் இருந்தால், அதை ஒட்டிய கிளாம்பில் ஒவ்வொரு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் விலகல் தெரியும். வழியில் எந்தக் கிளாம்பில் கோடு நகரவில்லையோ அங்கேதான் சிக்கல். தளர்த்தி, குழாய்க்கும் கிளாம்புக்கும் இடையே இடம் விட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வெந்நீர் திறந்ததும் சுவருக்குள் 'டிக் டிக்' என்று ஓசை கேட்டால் அதுவும் இதே கதைதான், குழாய் சிக்கிச் சிக்கி நழுவுகிறது.

லூப்புக்கென்று குறைகளும் உண்டு. நான்கு எல்போ என்றால் எட்டு ஒட்டு, கசிவதற்கு எட்டு இடம். செங்குத்தாக மேலே எழுப்பினால் உச்சியில் காற்று தங்கித் தண்ணீர் ஓட்டத்தை அடைக்கும். அதனால் படுக்கையாகப் போட வேண்டும், அல்லது உச்சியில் ஏர் வென்ட் வைக்க வேண்டும். கட்டடத்தின் ஷாஃப்ட்டில் அவ்வளவு அகலம் பெரும்பாலும் கிடைக்காது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, லூப்பைச் சுவரில் காடி வெட்டிப் புதைத்துச் சிமென்ட் பூசி மூடுவது. அது வரைபடத்தைத் திருப்திப்படுத்தப் போடும் லூப்.

இடம் இல்லாதபோது பெல்லோஸ் வருகிறது. ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை அது. ஒரு முழ நீளத்துக்குள் பெரிய லூப்பின் வேலையைச் செய்யும். பெரிய ஓட்டல், மருத்துவமனை ஷாஃப்ட்களில் இதைவிட்டால் வழியில்லாத இடங்கள் உண்டு. ஆனால் பெல்லோஸ் போடுகிறவர் தன்னையறியாமல் ஒரு புதுப் பிரச்சினையையும் வாங்கிக்கொள்கிறார். சாதாரணக் குழாயில் உள்ளே இருக்கும் அழுத்தம் குழாயை நீளவாக்கில் இழுக்கிறது, அதைக் குழாயின் சுவரே தாங்கிக்கொள்கிறது. பெல்லோஸ் இழுத்தால் நீண்டுகொடுக்கும் பொருள், ஆகவே அந்த இழுப்பைத் தாங்க அங்கே யாருமில்லை. நான்கு அங்குல பெல்லோஸில் அழுத்தம் செயல்படும் பரப்பு ஏறத்தாழ 110 சதுர சென்டிமீட்டர். 5 பார் அழுத்தத்தில் அது 550 கிலோ. வெந்நீர் ஓட வேண்டியதுகூட இல்லை, பச்சைத் தண்ணீரிலேயே இந்தப் பலம் இருக்கும். சோதனைக்காக அழுத்தத்தை ஒன்றரை மடங்கு ஏற்றும் நாளில் 800 கிலோவைத் தாண்டும். பெல்லோஸ் பிய்ந்துபோனதாகக் கேள்விப்படும் சம்பவங்கள் பல இப்படி முதல் சோதனையிலேயே நடப்பதற்குக் காரணம் இதுதான்: ஆங்கர் இன்னும் பொருத்தப்பட்டிருக்காது, அல்லது பொருத்தியது செங்கல் சுவரில் இருக்கும்.

இந்தப் பலத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலைதான் பொறியாளர்கள் எப்போதும் சொல்லும் உதாரணம். பழுதான ஓர் உலையைக் கழற்றிவிட்டு, இருபுறமும் இருந்த பெல்லோஸ்களுக்கு நடுவே 20 அங்குலத் தற்காலிகக் குழாய் ஒன்றைப் படிபோல் மடித்துப் பொருத்தினார்கள். அதற்கு முறையான வரைபடம் இல்லை, பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்ததுதான். தாங்கியதோ சாரம். இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் அழுத்தத்தின் தள்ளல் குழாயைத் திருகும் பலமாக மாறியது. 1974 ஜூன் 1 அன்று அது பெயர்ந்து, கசிந்த ஆவி வெடித்து 28 பேர் இறந்தார்கள். நம் மொட்டைமாடியில் எரியும் திரவம் ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே இல்லாதிருந்த பிடிப்பும் இங்கே ஒப்பந்தக்காரர் விட்டுவிடும் பிடிப்பும் ஒன்றுதான்.

பெல்லோஸுக்குக் குழாய் நேர்கோட்டில் வருவதும் முக்கியம். முதல் கைடு குழாய் விட்டத்தில் நான்கு மடங்கு தூரத்துக்குள், இரண்டாவது அதிலிருந்து 14 மடங்குக்குள் என்பது நடைமுறை விதி. நான்கு அங்குலக் குழாய்க்கு இது சுமார் 45 சென்டிமீட்டர், பிறகு 1.6 மீட்டர். இந்த விதி மீறப்பட்டால் பெல்லோஸ் நடுவில் பக்கவாட்டில் பிதுங்கிக்கொள்ளும். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரும் சூடும் சேரும் இடத்தில் அந்த மெல்லிய மடிப்புகளில் அரிப்பு தொடங்கினால், கனமான குழாய் காட்டும் பொறுமையை அது காட்டாது. குழாய் இருக்கும்வரை இருக்கும் என்று எண்ணி பெல்லோஸைச் சுவருக்குள் மூடக்கூடாது. கழற்ற வழி வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால், கட்டட வெந்நீர்க் குழாய்களில் பாதி இடங்களில் இரண்டுமே தேவைப்படாது. குழாய் எங்காவது ஒரு மூலையில் திரும்பத்தானே போகிறது? அந்தத் திருப்பமே ஒரு லூப்தான், காசில்லாமல் வருவது. நம் 30 மீட்டர் சிபிவிசியை ஹீட்டர் பக்கம் இறுக்கிப் பிடித்து, மறுகோடியில் எல்போவுக்கு அப்பால் 1.2 மீட்டர்வரை கிளாம்பே போடாமல் விட்டால் 60 டிகிரியின் நீட்சி முழுவதையும் அந்தத் துண்டு வாங்கிக்கொள்ளும். 80 டிகிரி வரக்கூடிய சோலார் என்றால் 2 மீட்டர். எல்போவை ஒட்டிய சுவரில் துளைபோட்டுக் குழாயைச் சிமென்ட்டால் அடைத்துவிடாமல், பெரிய ஸ்லீவ் வழியாக விட வேண்டும். குளியலறைகளுக்குப் பிரியும் டீக்களை ஆங்கர் பக்கமாக ஒதுக்கினால் அவை குறைவாக நகரும். எல்போ பக்கம் பிரிந்தே ஆக வேண்டுமென்றால் கிளைக்குழாயின் முதல் கிளாம்பை டீயிலிருந்து நன்றாகத் தள்ளிவைக்க வேண்டும். டீயை ஒட்டியே கிளாம்ப் போட்டால், 50 மில்லிமீட்டர் நகரும் பிரதானக் குழாய் அந்தக் குட்டைத் துண்டை ஒவ்வொரு காலையும் ஒடிக்கப் பார்க்கும். முதலில் கசிவது பித்தளை மரை பொருந்தும் இடமாகத்தான் இருக்கும்.