குறுக்கு அட்டவணையைப் பட்டியலாக்கும்போது வெற்றுக் கட்டம் என்ன ஆகிறது?

ஆர் மொழியுடன் வரும் HairEyeColor தரவில் 592 மாணவர்களின் முடி நிறமும் கண் நிறமும் பதிவாகியுள்ளன. ஆண், பெண் எண்ணிக்கைகளை ஒன்றாகக் கூட்டிவிட்டால் நான்குக்கு நான்கு என 16 கட்டங்கள். கறுப்பு முடியும் பழுப்புக் கண்ணும் உள்ளவர்கள் 68 பேர். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ளவர்கள் 94 பேர். இதை முடி, கண், எண்ணிக்கை என்ற மூன்று நெடுவரிசைகளாக மாற்ற இரண்டு வரிகள் போதும்:

```r
m <- margin.table(HairEyeColor, c(1, 2))
d <- as.data.frame(m)
```

இந்த மாற்றத்தின் பலன் உண்மையானது. கண் நிறம் அட்டவணையில் தலைப்பாக மட்டுமே இருந்தது. பட்டியலில் அது ஒரு நெடுவரிசையாகிவிடுகிறது. அதைக் கொண்டு வடிகட்டலாம், வேறொரு அட்டவணையோடு இணைக்கலாம், வரைபடத்தில் வண்ணமாகக் காட்டலாம். இழப்பும் உண்டு. பொன்னிற முடிக்காரர்களில் நீலக் கண்ணர் 94, பழுப்புக் கண்ணர் 7 என்பது அட்டவணையில் ஒரே வரிசையில் தெரிகிறது. பட்டியலிலோ அவை சிதறிக் கிடக்கின்றன. எனவே கணக்கிடப் பட்டியலும் படிக்க அட்டவணையும் ஏற்றவை.

பெரிய குறைகள் மாற்றும் வேலையிலேயே ஒளிந்திருக்கின்றன. முதலாவது, கூட்டுத்தொகை. எக்செல் தாளில் பெரும்பாலும் ஓரங்களில் மொத்தங்கள் இருக்கும். அவற்றையும் சேர்த்து மாற்றினால் 16 வரிகளுக்குப் பதில் 25 வரிகள் வரும். கட்டங்கள், வரிசை மொத்தங்கள், நெடுவரிசை மொத்தங்கள், முழு மொத்தம் ஆகிய நான்கும் தனித்தனியே 592 தருவதால் பட்டியலின் கூட்டல் 2368 ஆகிவிடும். சரியாக நான்கு மடங்கு வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது குறை நுட்பமானது. பவர் குவெரியின் Unpivot Columns வெற்றுக் கட்டங்களைச் சொல்லாமல் விட்டுவிடும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் 15 வரிகளே வரும். கூட்டல் மாறாது; ஆகவே மொத்தத்தைச் சரிபார்த்தால் பிழை பிடிபடாது. அந்தப் பட்டியலை ஆரில் xtabs கொண்டு மீண்டும் அட்டவணையாக்கினால், விடுபட்ட கட்டத்தில் 0 வந்து உட்காரும். அங்கே ஆளே இல்லையா, அல்லது யாரும் எண்ணவில்லையா என்ற வேறுபாடு இப்படி அழிந்துவிடுகிறது. எண்ணாததைச் சுழியம் என்று சொல்வது தவறான தகவல். சுழியத்தை விட்டுவிட்டால் கட்டங்களின் சராசரி வீங்கும்.

அதனால் இரண்டு சோதனைகள் தேவை. கூட்டல் மூல மொத்தத்தோடு பொருந்த வேண்டும். வரிகளின் எண்ணிக்கை வரிசைகளையும் நெடுவரிசைகளையும் பெருக்கிய எண்ணாக இருக்க வேண்டும். அதற்கும் முன்னால், சுழியம் என்று தெரிந்த இடத்தில் 0 என்றும், எண்ணப்படாத இடத்தில் வேறொரு குறியும் இட்டு வெற்றுக் கட்டங்களை நிரப்ப வேண்டும். அந்த முடிவைத் தரவைத் திரட்டியவரால்தான் எடுக்க முடியும். அதை மென்பொருளிடம் விடக் கூடாது.