நள்ளிரவு நிரலுக்கு யார் சொல்வது?

அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் இருந்துகொண்டு நான் சில கடைகளின் இணைய விற்பனைக் கணக்குகளைப் பராமரிக்கிறேன். வேலை பெரிய வேலையில்லை. கடைக் கணினியில் உள்ள இருப்புக் கணக்கும் இணையக் கடையில் காட்டும் இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கென்று எழுதிய சிறு நிரல் ஒன்று ஒவ்வொரு இரவும் 1.30க்குத் தானாக ஓடி இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தும். இதை நாங்கள் சிங்க் என்போம். எழுதி முடித்த நிரல் பல வருடங்கள் ஓடும் என்பதுதான் கடைக்காரரின் எதிர்பார்ப்பு. அதில் நியாயமும் இருக்கிறது, காசு கொடுத்துச் செய்வித்தது அதற்காகத்தான்.

ஆனால் நிரல் பேசும் மறுமுனை அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஷொப்பிஃபை, ஸ்ட்ரைப், சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஏபிஐக்கு, அதாவது நிரலும் நிரலும் பேசும் வாசலுக்கு, பதிப்பு எண் போட்டு வைத்திருக்கின்றன. பழைய பதிப்பை மூடப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிக்கின்றன. இந்த அறிவிக்கும் முறை நல்ல முறைதானா, இரவில் ஆளில்லாமல் ஓடும் நிரலுக்கு அது போதுமா என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறேன்.

இருப்பதில் ஒழுங்கானது ஷொப்பிஃபையின் ஏற்பாடு. 2019 ஏப்ரல் முதல் மூன்று மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. அதன் பெயரே வருடமும் மாதமும்தான்: 2019-04, 2019-07, 2019-10 என்று. ஒவ்வொரு பதிப்பும் குறைந்தது 12 மாதங்கள் நிலைக்கும். அடுத்த பதிப்பு வந்த பிறகும் மாறிக்கொள்ளக் குறைந்தது 9 மாதங்கள் கிடைக்கும். எந்த மாதத்தில் என்ன நடக்கும் என்பது நாட்காட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன்னெல்லாம் ஒரு சேவை எந்த நாளில் எதை மாற்றும் என்று யாருக்கும் தெரியாது, காலையில் உடைந்த பிறகுதான் தெரியவரும். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மரியாதை. இதைச் சொல்லாமல் குறையை மட்டும் பேசுவது சரியில்லை.

குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. காலம் முடிந்த பதிப்பை நிரல் தொடர்ந்து கேட்டால் என்ன நடக்கும்? ஷொப்பிஃபை கதவை மூடுவதில்லை. அந்த நேரத்தில் உயிரோடு இருக்கும் மிகப் பழைய பதிப்பிலிருந்து விடையைக் கொடுத்துவிடும். கேட்டது ஒன்று, வந்தது இன்னொன்று, ஆனால் விடை வருகிறது. நன்மைக்காகச் செய்ததுதான். பெரும்பாலான மாற்றங்கள் ஒரு சிறு நிரலைத் தொடுவதே இல்லை, ஆகவே நூறு கடைகளில் பெரும்பங்கு ஒன்றும் நடவாததுபோல ஓடிக்கொண்டிருக்கும். மிச்சக் கடைகளில் நடப்பதுதான் என் கவலை.

ஒரு கைத்தறிக் கடையை வைத்து இதைக் கணக்குப் பார்ப்போம். கடையில் 640 பொருட்கள். ஷொப்பிஃபை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 250 பொருட்களின் பட்டியலைத் தரும். ஆகவே 2019-04க்கு எழுதிய நிரல் முதலில் எண் எதுவும் சொல்லாமல் பட்டியலைக் கேட்கும், பிறகு `page=2`, `page=3` என்று கேட்கும். 250, 250, 140, கணக்குச் சரி. இனிப் பக்கம் இல்லையென்று சேவை சொன்னதும் நிறுத்திக்கொள்ளும். எழுதியவர் அவசரத்தில் ஒரு சுருக்குவழி வைத்திருந்தார்: பட்டியல் வராமல் வேறு எது வந்தாலும் ‘பக்கங்கள் முடிந்தன’ என்று எடுத்துக்கொள்வது. இந்தச் சுருக்குவழியை நானும் எழுதியிருக்கிறேன், பலரும் எழுதியிருப்பார்கள்.

2019-07இலும் 2019-10இலும் ஷொப்பிஃபை பக்க எண் முறையைப் படிப்படியாகக் கைவிட்டது. அடுத்த பக்கத்தின் முகவரியை விடையோடு வரும் `Link` என்ற ஹெடர் வரியில் அதுவே தரும், அதைத்தான் பின்தொடர வேண்டும். பக்க எண் அனுப்பினால் 400 என்ற பிழை வரும். மாற்றம் நல்ல மாற்றம், நீண்ட பட்டியலில் அதுதான் வேகமான வழி. 2020இல் 2019-04இன் காலம் முடிந்து விடைகள் அடுத்த பதிப்புக்கு நகர்ந்தபோது நம் கடையின் நிரலுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

முதல் கேள்விக்கு 250 பொருட்கள் வருகின்றன. இரண்டாவது கேள்விக்கு 400. நிரல் ‘முடிந்தது’ என்று எண்ணிக்கொள்கிறது. பிறகு கடைக் கணினியின் 640 பொருட்களை இந்த 250உடன் ஒப்பிடுகிறது. மிச்சம் 390 பொருட்கள் இணையக் கடையில் இல்லை என்று முடிவு செய்து அவற்றைப் புதிதாகப் போடத் தொடங்குகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஷொப்பிஃபை தடுப்பதில்லை, இணைய முகவரியின் கடைசியில் `-1` என்று மட்டும் சேர்த்துக்கொள்ளும். விடியும்போது கடையில் ஒரே சேலை இரண்டு தடவை நிற்கிறது. பழையதில் இருப்பு நேற்றையது, புதியதில் இன்றையது. கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ வாங்குபவர் எதை அழுத்துவார் என்று யாருக்குத் தெரியும்? நிரலின் பதிவேட்டைத் திறந்தால் கடைசி வரி ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்றிருக்கும்.

இப்படியான சிக்கல் முதலில் தெரியவருவது தொலைபேசியில்தான். “தம்பி, நீலச் சாரி ரெண்டு இடத்தில கிடக்கு, ஒண்டில இருக்கு எண்டுது, மற்றதில இல்லையாம், எதை நம்புறது?” என்று ஒரு அக்கா கேட்பார். அந்தக் கேள்வி வரும்போது குறைந்தது ஓர் இரவு ஓடிப்போயிருக்கும்.

சேல்ஸ்ஃபோர்ஸ் இதற்கு நேர்மாறான வழியில் போகிறது. 21.0 முதல் 30.0 வரையான பதிப்புகளை அது 2025 கோடையில் மூடியது. அதன் பின் ரெஸ்ட் வழியில் அந்தப் பதிப்பைக் கேட்டால் 410 என்று நேரடியாக மறுத்துவிடும். அன்றைய இரவு சிங்க் ஓடாது, இருப்புக் கணக்கு ஒரு நாள் பழையதாக நிற்கும். கடைக்காரருக்கு எரிச்சல்தான். ஆனாலும் ஒரு நாள் பழைய கணக்கைக் காலையில் சரிசெய்யலாம். தவறான கணக்கு எழுதப்பட்டுவிட்டால் 390 இரட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதில் ஓடர் விழுந்திருக்கிறது என்று பிரித்துத்தான் அழிக்க முடியும். ஆளில்லாமல் ஓடும் நிரலுக்கு, மறுப்புத்தான் பாதுகாப்பு என்பது என் முடிவு. சேல்ஸ்ஃபோர்ஸிலும் ஒரு குறை உண்டு: இதே மூடலை முதலில் 2023க்கென்று அறிவித்துப் பிறகு இரண்டு வருடம் தள்ளிவைத்தார்கள். தயாராக இருந்தவர்களுக்கு அது ஒன்றும் தரவில்லை. தள்ளிப்போடுபவர்களுக்கோ அடுத்த அறிவிப்பையும் நம்ப வேண்டாம் என்று கற்றுக்கொடுத்துவிட்டது.

அறிவிப்பு மின்னஞ்சலாக வந்தால் அது நிரலுக்குப் போவதில்லை, கணக்கைத் திறந்தவருக்குப் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் கணக்கைத் திறந்த பையன் கட்டாருக்குப் போய் மூன்று வருடம். அறிவிப்புகள் எல்லாம் அவன் பெட்டியில் ஒழுங்காக வந்து கிடந்தன. இதற்கு மருந்தாகத்தான் கிட்ஹப் போன்றோர் மூடும் நாளுக்கு முன்பே சில மணி நேரம் வாசலை அடைத்துக் காட்டுகிறார்கள். 2020இல் கடவுச்சொல் வழியை ஏபிஐயிலிருந்து நீக்குமுன் செப்டம்பர் 30இலும் அக்டோபர் 28இலும் அப்படிச் செய்தார்கள், உலக நேரம் காலை 7 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 7 வரையும். மின்னஞ்சல் படிக்காதவரையும் இது எழுப்பிவிடும், அந்த வகையில் நான் பார்த்த அறிவிப்பு முறைகளில் இதுவே சிறந்தது. ஆனால் அந்த நேரங்களை நம் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். பகல் 12.30 முதல் 3.30, பிறகு இரவு 9.30 முதல் நள்ளிரவு 12.30. என் நிரல்கள் ஓடுவது 1.30க்கு. ஒரு மணி நேர வித்தியாசத்தில் எச்சரிக்கை முழுவதும் தப்பிப்போகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை ஓடுபவற்றுக்கும் எச்சரிக்கை போய்ச்சேர வேண்டுமானால், அடைப்பு ஒரு முழு நாள் நீடிக்க வேண்டும்.

எனவே அறிவிப்பு விடையிலேயே வர வேண்டும், நிரல் அதைப் படிக்க வேண்டும். இதற்கு வழியும் இருக்கிறது. மூடும் நாளைச் சொல்லும் `Sunset` ஹெடர் 2019இலேயே RFC 8594 ஆக வந்துவிட்டது. எல்லாச் சேவைகளும் அதை அனுப்புவதில்லை என்பதுதான் வருத்தம். ஷொப்பிஃபை வேறொன்றை அனுப்புகிறது. விடை உண்மையில் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பது `X-Shopify-API-Version` என்ற வரியில் இருக்கும். கேட்ட பதிப்பையும் வந்த பதிப்பையும் ஒப்பிட இரண்டு வரி போதும்:

```
if resp.headers.get("X-Shopify-API-Version") != "2025-07":
    raise SystemExit("API version mismatch")
```

நம் கைத்தறிக் கடையில் இந்த இரண்டு வரியும் `2019-04` என்ற பதிப்பு எண்ணோடு இருந்திருந்தால் முதல் விடையிலேயே நிரல் நின்றிருக்கும். ஒரு பொருளும் இரட்டித்திருக்காது. சேவை தர மறுத்த மறுப்பை நாமே நம் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம்.

இது போதாது, ஏனென்றால் பதிப்பு மாறாமலே விடை குறைந்துபோகும் இரவுகளும் உண்டு. அதனால் எழுதுவதற்கு முன் எண்ணிப் பார்ப்பது அவசியம். நேற்று 640 பொருட்கள் இருந்த கடையில் இன்று 250தான் வந்தது என்றால் எதையும் எழுதாமல் நிற்க வேண்டும். ஓர் இரவில் இருபதுக்கு மேல் புதுப் பொருள் போட வேண்டி வந்தாலும் நிற்க வேண்டும். இருபது என்பது நான் வைத்திருக்கும் அளவு. உங்கள் கடையில் ஒரு நாளில் வழக்கமாக எத்தனை புதுச் சரக்கு இறங்குகிறது என்று பார்த்து அதற்குச் சற்று மேலே வையுங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முந்திய வாரங்களில் புதுச் சரக்கு அதிகம் இறங்கும், அப்போது நிரல் தேவையில்லாமலும் நிற்கும். நின்றால் பரவாயில்லை, பார்த்துவிட்டு ஓடவிடலாம்.

ஸ்ட்ரைப் முதல் தடவை பேசிய பதிப்பையே கணக்கோடு கட்டிவைத்துவிடுகிறது, நாம் மாற்றும்வரை அது மாறாது. சிங்குக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. விலை வேறு விதத்தில் வருகிறது: ஐந்து வருடம் தொடாத நிரலை ஒரு நாள் தொட வேண்டி வரும்போது எழுதியவரும் இருக்கமாட்டார், எல்லா மாற்றமும் ஒன்றாக வந்து நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அடுத்த பதிப்பில், எதையும் எழுதாமல் வாசிக்க மட்டும் விட்டு நிரலை ஓட்டிப் பார்ப்பது எனக்கு அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குக் கூலி தரச் சம்மதிக்கும் கடைகள் குறைவு.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் நிரலை எழுதியவரை இந்த வாரம் கூப்பிட்டு, அது எந்தப் பதிப்பைக் கேட்கிறது, அந்தப் பதிப்பு எந்த மாதம் முடிகிறது, அறிவிப்பு யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது என்று கேளுங்கள். மூன்று விடையையும் கடைக் கணினிக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.