மணவீட்டில் இரு மச்சாள்மார்

நாம் இங்கு ஆராயும் சிறுகதை யாழ்ப்பாணத்து மணவீடொன்றில் நிகழ்கிறது. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் புலம்பெயர்ந்தோரின் மகளாய் இலண்டனில் வளர்ந்தவள் ஒருத்தி. 2009இல் போர் முடியும்வரை ஊரிலேயே வாழ்ந்த மச்சாள் மற்றவள். மணமகன் இவளின் தமையன்.

பொன்னுருக்கு நாளில், தாலிக்குரிய பவுணைப் பார்த்து இவள் சொல்கிறாள்: “மாமா அனுப்பின காசுதான், மச்சாள்.” கதையின் உயிர் இவ்வொரு வாக்கியத்திலேயே உள்ளது. இருவருக்கும் இடையே நிற்பது கொடுப்போர், பெறுவோர் என்னும் உறவு என்பதை அது காட்டிவிடுகிறது.

ஆனால் ஆசிரியர் அதனைத் தொடரவில்லை. இலண்டன் பெண்ணின் கொச்சைத் தமிழையும் சேலை கட்டத் தெரியாத தடுமாற்றத்தையும் காட்டிச் சிரிக்கவைத்து, ஈற்றில் இருவரையும் தழுவி அழவைக்கிறார். பொருளாதாரப் பிளவு மொழிப் பிளவாகச் சுருங்கிவிடுகிறது.

இக்குறைக்குக் காரணம் நோக்குநிலையே. வந்தவளின் கண்ணால் மட்டுமே கதை சொல்லப்படுவதால், ஊர்ப்பெண்ணின் மௌனம் பாசமாகத் தோன்றுகிறது. அவள் உள்ளத்தினின்று நோக்கின், அம்மௌனம் கடன்பட்டவளின் மௌனமாக ஒலித்திருக்கும். இலண்டன் பெண் விமானமேறிய பின்னும் அக்கடன் அவ்வீட்டிலேயே இருக்கும். தழுவலோடு முடியும் கதை அதனைக் காணவில்லை.