பபிள் சார்ட்டைத் தாளில் ஓட்டிப் பார்ப்பது

பிளஸ் டூ கணினி அறிவியலிலும் கல்லூரி முதலாண்டின் தியரி தாள்களிலும் தவறாமல் தலைகாட்டும் கேள்வி இது: ஐந்தாறு எண்களைக் கொடுத்து, பபிள் சார்ட் முறையில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பட்டியல் எப்படி இருக்கும் என்று எழுதச் சொல்வார்கள். எழுதுவதும் எளிது, திருத்துவதும் எளிது. ஆனால் மாணவருக்கு அந்த நெறிமுறை புரிந்திருக்கிறதா என்பதை இது உண்மையில் சோதிக்கிறதா? சில நேரம் மிக நன்றாகச் சோதிக்கிறது. சில நேரம் சோதிப்பதே இல்லை. பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது கொடுக்கப்படும் பட்டியல்தான்.

34, 12, 45, 7, 28 என்ற பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 34-ஐயும் 12-ஐயும் ஒப்பிட்டால் 34 பெரிது, இடம் மாறுகின்றன. அடுத்து 34-உம் 45-உம், மாற்றம் இல்லை. இந்த இடத்தில்தான் முக்கியமான ஒன்று நடக்கிறது. இதுவரை வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்த 34 நின்றுவிடுகிறது. நகரும் வேலை 45-க்குப் போகிறது. 45, 7-ஐயும் 28-ஐயும் தாண்டிக் கடைசிக்குச் சேருகிறது. சுற்றின் முடிவில் பட்டியல் 12, 34, 7, 28, 45. இரண்டாம் சுற்றில் 34 நகர்ந்து 12, 7, 28, 34, 45 ஆகிறது. மூன்றாவதில் 12-உம் 7-உம் மாறி 7, 12, 28, 34, 45. நான்காவதில் ஒரே ஒரு ஒப்பீடு. மாற்றம் எதுவும் இல்லை.

இதைக் கையால் எழுதிப் பார்ப்பவருக்கு, நிரலைப் படித்தால் மட்டும் தெரியாத ஒன்று தெரிகிறது. பெரிய எண் ஒரே சுற்றில் பட்டியலின் கடைசிவரை போய்விடும். சிறிய எண்ணோ ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு இடம்தான் இடப்பக்கம் வரும். 7-ஐப் பாருங்கள்: நான்காம் இடம், மூன்றாம் இடம், இரண்டாம் இடம், முதலிடம். அதன் இடப்பக்கம் அதைவிடப் பெரிய எண்கள் மூன்று இருந்தன. ஆகவே மூன்று சுற்றுகள் தேவைப்பட்டன. ஒவ்வோர் எண்ணுக்கும் இப்படி எண்ணிப் பார்த்தால் 34-க்கு 0, 12-க்கு 1, 45-க்கு 0, 7-க்கு 3, 28-க்கு 2. கூட்டினால் 6; மொத்த இடமாற்றங்களும் 6. இவற்றுள் பெரிய எண்ணான 3, மாற்றம் நிகழும் சுற்றுகளின் எண்ணிக்கை. விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் வகுப்பில் இதைச் சொல்லித் தருவது அரிது. மாணவர் எழுதிய மாற்றங்களைக் கூட்டி 5 என்று வந்தால், எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அவரே கண்டுபிடித்துவிடலாம்.

இனி குறைகளுக்கு வருவோம். அதே ஐந்து எண்களை 45, 12, 34, 7, 28 என்று கொடுத்தால் என்ன ஆகும்? முதல் சுற்றின் முடிவு 12, 34, 7, 28, 45. ‘பெரிய எண்ணை உருவிக் கடைசியில் வை, மற்றவை அப்படியே இருக்கட்டும்’ என்று நெறிமுறையைத் தவறாகப் புரிந்துகொண்ட மாணவரும் இதே வரியைத்தான் எழுதுவார். பக்கத்துப் பக்கத்து எண்களை அவர் ஒப்பிடவே இல்லை. அந்தச் சுற்றுக்கு முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார். முதலில் பார்த்த பட்டியலிலோ அவர் 34, 12, 7, 28, 45 என்று எழுதிப் பிடிபடுவார், ஏனென்றால் அங்கே 34 பாதி வழி நகர்ந்து நின்றது. முதல் எண்ணை மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டுச் சிறியதை முன்னால் கொண்டுவரும் மாணவரும் அங்கே பிடிபடுவார். அவர் எழுதுவது 7, 34, 45, 12, 28. ஆக, வினாத்தாள் தயாரிப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியது இதுதான்: நகரும் வேலை முதல் சுற்றிலேயே ஓர் எண்ணிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாற வேண்டும். மனத்துக்கு வந்த ஐந்து எண்களை எழுதிவிட்டால் அது தற்செயலாக அமையலாம், அமையாமலும் போகலாம்.

இன்னொரு குழப்பம் சுற்றுகளின் எண்ணிக்கையில். 12, 7, 34, 28, 45 என்ற பட்டியல் முதல் சுற்றிலேயே வரிசைக்கு வந்துவிடுகிறது. ‘எத்தனை சுற்றுகள்?’ என்று கேட்டால் ஒருவர் 1 என்பார். மாற்றம் நிகழ்ந்ததா என்று பார்த்து நிற்கும் நிரலை மனத்தில் வைத்திருப்பவர் 2 என்பார், ஏனெனில் வரிசையாகிவிட்டது என்று நிரலுக்குத் தெரிய மாற்றமே இல்லாத ஒரு சுற்று தேவை. அந்தச் சோதனை இல்லாத நிரலைப் படித்தவர் 4 என்பார். ஒப்பீடுகளும் அதற்கேற்ப 4, 7, 10 என்று மாறும். 2-க்கும் 4-க்கும் பின்னால் சரியான நிரல் ஒன்று இருக்கிறது. நிரலைக் கொடுக்காமல் கேள்வி கேட்டுவிட்டு விடைக்குறிப்பில் ஒரே எண்ணை அச்சிடுவது மாணவருக்கு இழைக்கும் அநீதி.

நிரலைக் கொடுத்தாலும் ஒரு பிழை தாளில் வெளிப்படுவதில்லை.

```
for i in range(n - 1):
    for j in range(n - 1 - i):
        if a[j] > a[j + 1]:
            a[j], a[j + 1] = a[j + 1], a[j]
```

இரண்டாம் வரியில் `n - 1 - i` என்பதற்குப் பதில் `n - i` என்று இருந்தால், முதல் சுற்றின் கடைசியில் `a[5]` என்ற இல்லாத இடத்தைத் தொட்டு பைத்தான் `IndexError` காட்டி நின்றுவிடும். தாளில் எழுதுபவரின் பேனாவோ கடைசி எண்ணோடு நின்றுவிடும், ஏனெனில் அதற்குப் பின் ஒப்பிட எதுவுமில்லை. அவர் ஓட்டிப் பார்ப்பது தனக்குத் தெரிந்த யோசனையை. எதிரில் இருக்கும் நிரலை அல்ல. இதற்கு மாற்று உண்டு. சுற்றின் முடிவை மட்டும் கேட்காமல், ஏதாவது ஒரு சுற்றுக்கு மட்டும் `j`, `a[j]`, `a[j + 1]`, மாற்றம் உண்டா என்று நான்கு பத்திகளில் அட்டவணை எழுதச் சொன்னால் போதும். `j`-இன் மதிப்பை எழுதும் கட்டாயம் வந்ததும் அந்த எல்லை கண்ணில் படும். எல்லாச் சுற்றுக்கும் இப்படி எழுதச் சொல்வது வீண். ஆறு எண்களுக்கே 15 வரிகள் வரும், மூன்று மணி நேரத் தாளில் அது கைவலியைத்தான் சோதிக்கும்.

பபிள் சார்ட்டையே பாடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்பவர்களும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஓவன் அஸ்ட்ராகன் 2003-இல் எழுதிய கட்டுரையில், இது எப்படிப் பரவியது என்று அதன் வரலாற்றைத் தோண்டியெடுத்து, செயல்வேகத்திலும் எளிமையிலும் இதற்கென்று தனிச்சிறப்பு இல்லை என்று வாதிட்டார். வேகத்தைப் பற்றி அவரோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கையால் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி என்ற அளவில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது என்றே கருதுகிறேன்: இரண்டு மடக்குகள், அவற்றில் ஒன்றின் எல்லை மற்றதைச் சார்ந்தது, ஒவ்வோர் அடியும் ஒரு வரியில் அடங்குவது. இவ்வளவும் சேர்ந்த சிறிய எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

திருத்தும் முறையையும் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் ஒரு மாற்றத்தை விட்டுவிட்ட மாணவரின் அடுத்த வரிகளும் விடைக்குறிப்போடு ஒத்துப்போகாமல் போகலாம். குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டால், ஒரே தவறுக்கு அவர் மூன்று நான்கு முறை மதிப்பெண் இழப்பார். ஒவ்வொரு வரியையும் மாணவரே எழுதிய முந்தைய வரியிலிருந்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை. அப்படிப் பார்த்தால் 12, 34, 7, 45, 28 என்று முதல் சுற்றைத் தவறாக முடித்தவர், இரண்டாம் சுற்றை முதல் நான்கு இடங்களுக்குள் நடத்தி 12, 7, 34, 45, 28 என்று எழுதியிருந்தால், அந்த இரண்டாம் வரி சரியானது. அவருக்குச் சுற்றின் எல்லை சுருங்குவதும் தெரிந்திருக்கிறது, அடுத்தடுத்த எண்களை ஒப்பிடுவதும் தெரிந்திருக்கிறது. விட்டுப்போனது ஒரே ஓர் ஒப்பீடு.